‘குட்டி இளவரசன்’ வாசித்த இரவில் பத்து வயதுப் பிள்ளையிடம் மையக் கருத்தைப் பேசுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“ஒரே வரியில சொல்லணும்னா இந்த நாவலோட மையக் கருத்து என்ன?”

நாம் நேரம் கொடுத்துப் பார்த்துக்கொண்ட ஒன்று, அதைப் போலவே ஆயிரம் இருந்தாலும் நமக்கு ஒன்றே ஒன்றாகிவிடுகிறது. அப்படி ஆன பிறகு அதற்கு நாம்தான் பொறுப்பு.

இது உங்களுக்கான வரி. இதை அப்படியே பிள்ளையிடம் சொன்னால் “ம்” என்று தலையாட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும். பத்து வயதில் பிள்ளைகளுக்குக் கருத்துகள் புரியும், ஆனால் ஏதாவது ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டுதான் அங்கே போய்ச் சேர்வார்கள். இந்த நாவலில் அதற்கென்றே ஒரு காட்சி இருக்கிறது. தன் குட்டிக் கோளை விட்டுப் பூமிக்கு வந்த இளவரசன் ஒரே ரோஜாத் தோட்டத்துக்கு இரண்டு முறை போகிறான். முதல் முறை அழுகிறான், இரண்டாம் முறை அந்தப் பூக்களைப் பார்த்து நிமிர்ந்து நின்று பேசுகிறான். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று பிள்ளை சொல்லிவிட்டால் மையக் கருத்து அதன் கைக்கு வந்துவிட்டது.

“மையக் கருத்துன்னா கதையோட நீதிதானே? ரெண்டும் ஒண்ணுதானே?”

இல்லை. நீதி என்பது நமக்கு இடப்படும் கட்டளை. பொய் சொல்லாதே, பேராசைப்படாதே என்பது போல. மையக் கருத்து, கதை உலகத்தைப் பற்றிக் கண்டுபிடித்துச் சொல்லும் ஒன்று. அதை ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், “எனக்கு அப்படித் தோணலையே” என்றும் சொல்லலாம்.

நம் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லியே ஆகவேண்டும். காக்கா நரிக் கதையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கதையின் அடியிலும் ‘நீதி’ என்று ஒரு வரியைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள். இந்தக் கதைக்கும் அப்படி ஒரு வரி கேட்டால் “பூக்களைப் பறிக்கக் கூடாது” என்றோ “நண்பர்களுக்கு உதவ வேண்டும்” என்றோ தயாராக ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். கதையே படிக்காமலும் சொல்லக்கூடிய பதில்கள் அவை. அதனால் பேச்சில் ‘நீதி’, ‘கருத்து’ என்ற சொற்களையே எடுக்காதீர்கள். “இந்தக் கதை என்னத்தக் கண்டுபிடிச்சிருக்கு?” என்று கேட்டால் போதும், பிள்ளை வேறு மாதிரி யோசிக்கத் தொடங்கும்.

“புத்தகம் முழுசா முடிஞ்ச பிறகுதான் பேசணுமா? எந்த ராத்திரில எதைப் படிக்கறது?”

முடியும்வரை காத்திருக்க வேண்டாம். மொத்தம் 27 அத்தியாயங்கள், எல்லாமே சிறியவை. சில ஒன்றிரண்டு பக்கம்தான். ஓர் இரவுக்கு இரண்டு அத்தியாயம் என்று போனால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் முடியும். க்ரியா வெளியிட்ட தமிழ்ப் பதிப்பு, வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்தது.

மூன்று இடங்களில் மட்டும் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலாவது, 20ஆம் அத்தியாயத்தோடு ஓர் இரவை நிறுத்திவிடுவது. இளவரசனின் கோளில் இருக்கும் ரோஜா, உலகத்திலேயே தன்னைப் போல் வேறொரு பூ இல்லை என்று அவனிடம் சொல்லியிருந்தாள். பூமிக்கு வந்து பார்த்தால் ஒரே தோட்டத்தில் அவளைப் போலவே ஐயாயிரம் பூக்கள். அவன் புல்லில் படுத்து அழுவதோடு அத்தியாயம் முடிகிறது. பிள்ளை அந்த வருத்தத்தோடு தூங்கட்டும், ஓர் இரவுக்கு அது பொறுக்கும். அதே இரவில் அடுத்த அத்தியாயத்தையும் படித்துவிட்டால் அழுகைக்கான காரணம் பிள்ளை மனதில் ஊறுவதற்குள்ளேயே தீர்வு வந்துவிடும்.

இரண்டாவது, நரி வரும் 21ஆம் அத்தியாயத்துக்கு ஓர் இரவைத் தனியாகக் கொடுப்பது. நிதானமாகப் படித்தால் கால்மணி நேரம் பிடிக்கும். அதன்பிறகு ஐந்து நிமிடப் பேச்சு. அதற்கு மேல் நீட்டினால் அது வகுப்பாகிவிடும்.

மூன்றாவது, 26, 27ஆம் அத்தியாயங்களைப் பள்ளி நாளின் இரவில் படிக்காமல் இருப்பது. வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமையோ, வழக்கத்தைவிட அரைமணி முன்னதாகத் தொடங்குங்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

“நரி அத்தியாயம் படிச்சு முடிச்சாச்சு. இப்போ எப்படி ஆரம்பிக்கறது? படிப்படியா சொல்லுங்க.”

புத்தகத்தை மூடி மார்மேல் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய விளக்கை அணைத்துவிடுங்கள். முகம் தெரியாத இருட்டில் பிள்ளைகள் தாராளமாகப் பேசுவார்கள், தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

முதல் கேள்வி நேற்றைய இரவைப் பற்றியது. “நேத்து தோட்டத்தப் பாத்துட்டு ஏன் அழுதான்?” இதற்குப் பதில் கதையிலேயே இருப்பதால் எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். தன்னிடம் ஒரே ஒரு பூ இருக்கிறது, தான் பெரிய பணக்காரன் என்று நினைத்திருந்தான். அது சாதாரணப் பூ என்று தெரிந்ததும் அழுதான். சிலர் “அந்தப் பூ பொய் சொல்லிடுச்சுல்ல” என்பார்கள். அதுவும் சரிதான்.

இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. “இன்னைக்குத் திரும்பவும் அதே தோட்டத்துக்குப் போனானே, பூவெல்லாம் மாறிடுச்சா?” இல்லை. அதே ஐயாயிரம், அதே அழகு, அவன் கோளில் இருக்கும் பூவும் அதே பூதான். “அப்போ என்ன மாறிச்சு?” இதைக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். பெரும்பாலும் பேச்சு கெடுவது இந்த இடத்தில்தான். பெரியவர்களுக்கு மூன்று நொடி மௌனமே தாங்காது, தாங்களே பதிலைச் சொல்லிவிடுவார்கள்.

பேச்சு எப்படி நகரும் என்பதற்கு ஒரு மாதிரி:

“அவன்தான் மாறினான்.”
“எப்படி மாறினான்?”
“அவனுக்கு அந்தப் பூதான் புடிக்கும்னு தெரிஞ்சுருச்சு.”
“முன்னாடியும் புடிச்சுதே?”
“ம்ம்... முன்னாடி அது ஒண்ணே ஒண்ணுன்னு புடிச்சுது. இப்போ நெறைய இருந்தாலும் புடிக்குது.”

இந்தக் கடைசி வரிதான் நாவலின் பாதி. பிள்ளை இங்கே வந்துவிட்டால் பாராட்டி உற்சாகப்படுத்திப் பேச்சை உடைக்காமல் மூன்றாவது கேள்விக்குப் போங்கள். “அந்தப் பூவுக்கு அவன் என்னவெல்லாம் பண்ணான்? எண்ணிப் பாக்கலாமா?” விரல் விட்டு எண்ணச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றினான். கண்ணாடிக் கூண்டு போட்டு மூடினான். காற்று படாமல் தடுப்பு வைத்தான். புழுக்களைக் கொன்றான், வண்ணத்துப்பூச்சி வரட்டும் என்று இரண்டு மூன்றை மட்டும் விட்டுவைத்தான். அவள் குறை சொல்வதையும் பெருமையடிப்பதையும் கேட்டான். அவள் ஒன்றும் பேசாமல் இருந்ததையும் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு கையில் விரல் தீர்ந்து அடுத்த கைக்கு வந்துவிடும்.

“தோட்டத்துல இருக்கற பூவுக்கு?” ஒரு விரல்கூட மடங்காது.

ஒரு பக்கம் ஆறு விரல், ஒரு பக்கம் ஒன்றுமில்லை. நாவலின் கருத்து பிள்ளையின் கையிலேயே இருக்கிறது. அந்த ரோஜாவுக்காகச் செலவழித்த நேரம்தான் அதை அவ்வளவு முக்கியமாக்கியது என்று நரி சொல்லும் இடத்தை இப்போது இன்னொரு முறை படித்துக் காட்டுங்கள். முதல் தடவை படித்தபோது வெறும் வாக்கியமாகக் கடந்துபோனது இப்போது வேறாகக் கேட்கும். அன்றைய இரவுக்கு இது போதும்.

“நரி ‘என்னைப் பழக்கு’ங்குது. நாயைப் பழக்கற மாதிரியான்னு பையன் கேக்கறான்.”

நியாயமான கேள்வி. பிரெஞ்சு மூலத்தில் இருக்கும் சொல் ‘அப்ரிவ்வாசே’. காட்டு விலங்கைப் பழக்குவதற்கான சொல்தான் அது. நமக்கோ பழக்குவது என்றதும் யானைப் பாகனும் அங்குசமும் நினைவுக்கு வந்துவிடும். உங்கள் பதிப்பில் எந்தச் சொல் இருந்தாலும் இந்தச் சிக்கல் வரலாம். நாவலுக்கே இது தெரியும். அதனால்தான் இளவரசன் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்ன என்று விடாமல் கேட்கிறான். நரி சொல்லும் பதில், உறவை உண்டாக்குவது.

தமிழில் நமக்கு ஒரு நல்ல வசதி உண்டு. ‘பழக்குவது’ வேறு, ‘பழகுவது’ வேறு. ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம். பழக்கினால் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்க வேண்டும். பழகினால் இரண்டு பேருமே மாறுவார்கள். “நரி கேக்கறது பழகறது” என்று சொல்லிவிட்டு, அது எப்படிப் பழகச் சொல்கிறது என்று நடித்துக் காட்டுங்கள். முதல் நாள் கொஞ்சம் தள்ளிப் புல்லில் உட்கார வேண்டும், பேசக் கூடாது. நரி ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளும். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கிட்டே. தினமும் ஒரே நேரத்துக்கு வரவேண்டும். நாலு மணிக்கு வருவான் என்று தெரிந்தால் நரிக்கு மூன்று மணியிலிருந்தே சந்தோஷம் தொடங்கிவிடும்.

தெருவில் ஒரு பூனைக்குட்டியோடு பழகிப் பார்த்த பிள்ளைக்கு இதில் ஒரு வரிகூட விளக்க வேண்டியிருக்காது.

“நட்புன்னு ஒரே வார்த்தைல முடிச்சுடறா. அதுக்கு மேல வரவே மாட்டேங்கறா.”

ஒற்றைச் சொல் தலைப்புத்தான், கருத்து ஆகாது. “கிரிக்கெட்” என்று மட்டும் சொன்னால் யார் ஜெயித்தார்கள் என்று தெரியாது அல்லவா? “நட்பப் பத்தி இந்தக் கதை என்ன சொல்லுது?” என்று கேளுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் வாக்கியத்தின் முன்பாதியை நீங்கள் கொடுத்து, மிச்சத்தை அவளை முடிக்கச் சொல்லுங்கள். “மொதல்ல அவன் நெனச்சான், ஒரு பூ பெருசுன்னா அது...” “ஆனா கடைசில தெரிஞ்சுக்கிட்டான்...” இந்த ‘மொதல்ல – கடைசில’ சட்டம் ஒற்றைச் சொல்லில் நிற்க விடாது, வினைச்சொல்லைக் கேட்டு வாங்கும்.

“எனக்குப் பாவோபாப் மரம்தான் முக்கியம்னு அடம் புடிக்கறான். திருத்தணுமா?”

திருத்த வேண்டாம், அங்கிருந்தே கூட்டிக்கொண்டு வாருங்கள். பாவோபாப் கன்று சின்னதாக இருக்கும்போது ரோஜாக் கன்று போலவே இருக்கும். தினமும் காலையில் பார்த்துப் பிடுங்காவிட்டால் வளர்ந்து வேரால் கோளையே பிளந்துவிடும். “தெனமும் பாக்கணும்னு அங்க யார் வந்து சொல்றா?” என்று கேளுங்கள். யாரும் சொல்வதில்லை. அவனாகச் செய்கிறான், ஏனென்றால் அது அவனுடைய கோள், அங்கே அவனுடைய பூ இருக்கிறது. பொறுப்பு என்ற பாதி இங்கிருந்தே கிடைத்துவிடும். எந்தக் காட்சியில் பிள்ளையின் மனம் நிற்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளலாம், இந்த நாவலில் பெரும்பாலான பாதைகள் ரோஜாவிடம் வந்து சேர்கின்றன.

“நடுவுல வர்ற ஆறு கோள்கள் கதைக்கு எதுக்கு? ராஜா, குடிகாரன், கணக்குப் போடறவன்... இதெல்லாம் விளக்கணுமா?”

ஆறையும் விளக்கத் தேவையில்லை, பிள்ளைகள் அவற்றைச் சிரித்துக்கொண்டே கடப்பார்கள். 13ஆம் அத்தியாயத்தில் வரும் வணிகனை மட்டும் நினைவில் வைத்திருங்கள். அவன் ஐம்பது கோடிக்கு மேல் நட்சத்திரங்களை எண்ணி எழுதி, எல்லாம் தன்னுடையவை என்கிறான். இளவரசன் சொல்லும் பதில்: எனக்கு ஒரு பூ இருக்கிறது, தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், மூன்று எரிமலைகள் இருக்கின்றன, வாரம் ஒருமுறை சுத்தம் செய்கிறேன், அதனால் அவற்றுக்குப் பயன் உண்டு, உன்னால் நட்சத்திரங்களுக்கு என்ன பயன்? நரியைச் சந்திப்பதற்கு வெகு முன்பே அவன் வாயிலிருந்து கருத்து வந்துவிடுகிறது, அவனுக்குத்தான் அது இன்னும் தெரியவில்லை. நரி அத்தியாயத்துக்கு மறுநாள் இந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்துக் காட்டினால், “இவன் அப்பவே சொல்லிட்டான்!” என்று பிள்ளை எழுந்து உட்காரும். முன்னே படித்ததில் போய்த் தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கம் நாவல் வாசிப்புக்கு மிகவும் வேண்டியது. அதைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல இடம் இந்தப் புத்தகத்தில் இல்லை.

குடிகாரனைப் பற்றிப் பிள்ளையே கேட்டால் சொல்லுங்கள்: குடிப்பது வெட்கமாக இருக்கிறது, அந்த வெட்கத்தை மறக்கக் குடிக்கிறான், சுற்றிச் சுற்றி அதே இடம். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ குடிப்பவர் இருந்தால் பிள்ளை அதோடு சேர்த்துப் பார்க்கும். அப்போது நாவலை ஓரமாக வைத்துவிட்டு அந்தப் பேச்சைப் பேசுவதே சரி.

“ரோஜா அவனை ரொம்பப் படுத்தினாளே. அப்படிப்பட்டவங்களோடயும் இருக்கணுமான்னு என் பொண்ணு கேக்கறா.”

இந்தக் கேள்வியை அலட்சியப்படுத்தாதீர்கள். ரோஜா தற்பெருமை பேசுகிறாள், பொய் மாட்டிக்கொள்ளும்போது இருமி நடிக்கிறாள், அவனைக் குற்றவாளி போல உணரவைக்கிறாள். அது தாங்காமல்தான் அவன் கோளை விட்டே கிளம்புகிறான். பிற்பாடு அவன் சொல்வது, அவள் பேச்சை வைத்து எடைபோட்டிருக்கக் கூடாது, அவள் செய்ததை வைத்துப் பார்த்திருக்க வேண்டும், அப்போது தனக்கு வயது போதவில்லை என்று.

பிள்ளையிடம் இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். சிணுங்குகிற, பெருமையடிக்கிற தோழி வேறு. அடிக்கிற, மிரட்டுகிற, “யார்கிட்டயும் சொல்லாதே” என்கிற ஆள் வேறு. ரோஜா முதல் வகை. இரண்டாவது வகையைப் பற்றி இந்த நாவல் பேசவே இல்லை. “பழகிட்டோம்ங்கறதுக்காக ஒருத்தர் நம்மளக் கஷ்டப்படுத்தறதப் பொறுத்துக்கணும்னு இல்ல, அப்படி யாராவது இருந்தா எங்கிட்ட சொல்லு” என்று நேராகச் சொல்லிவிடுங்கள். கதையின் கருத்துக்கு எல்லை உண்டு என்பதையும் பத்து வயதில் தெரிந்துகொள்ளலாம்.

“கடைசில அவன் செத்துட்டானான்னு கேட்டா என்ன சொல்றது?”

26ஆம் அத்தியாயத்தில் பாம்பு அவன் கணுக்காலருகே மஞ்சளாக மின்னி மறைகிறது. ஒரு மரம் சாய்வது போல அவன் மெதுவாக விழுகிறான், மணல் என்பதால் சத்தம்கூட இல்லை. அதற்கு முன்பே அவன், பாலைவனத்தில் தன்னைச் சந்தித்து இந்தக் கதையைச் சொல்லும் விமானியிடம் சொல்லியிருக்கிறான்: நான் செத்துப்போனது போலத் தெரியும், அது உண்மையாக இருக்காது; வழி ரொம்ப தூரம், இந்த உடலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது; அது பழைய கூடு மாதிரிதான். விடிந்து பார்த்தபோது அவன் உடல் அங்கே இல்லை என்று விமானி எழுதுகிறார்.

இரண்டு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். “இல்லல்ல, சாகல, வீட்டுக்குப் போயிட்டான்” என்று அவசரமாக மூடிவிடுவது ஒன்று. விமானி ஏன் அவ்வளவு வருந்தினார் என்பதற்கு அப்போது பதில் இருக்காது, நாம் மழுப்புகிறோம் என்று பிள்ளைக்கும் தெரிந்துவிடும். “ஆமா, செத்துட்டான்” என்று அடித்துச் சொல்லிவிடுவது இன்னொன்று. நாவல் திறந்து வைத்திருப்பதை நாம் மூட வேண்டாம். “கதை ரெண்டையும் சொல்லுது. செத்த மாதிரியும் இருக்கு, போய்ச் சேர்ந்த மாதிரியும் இருக்கு. உனக்கு எது தோணுது?” என்று கேட்டு, எது சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். அண்மையில் வீட்டில் ஒரு மரணம் நடந்திருந்தால் இந்த இரண்டு அத்தியாயங்களையும் நீங்கள் மட்டும் முதலில் படித்துப் பாருங்கள். அந்த வீட்டில் ‘தாத்தாவும் கூட்டை விட்டுட்டுப் போயிட்டாரா?’ என்ற கேள்வி நிச்சயம் வரும். அதற்கு உங்கள் குடும்பம் என்ன பதில் சொல்லும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

விஷம் என்றதும் சில பிள்ளைகள் பயந்துவிடுவார்கள், அவனே போய்ப் பாம்பிடம் கேட்டுக்கொண்டதை நினைத்துக் குழம்புவார்கள். நிஜத்தில் பாம்புக் கடி வலிக்கும், ஆளைக் கொல்லும், வீட்டுக்கு அனுப்பாது. வேறு கோளிலிருந்து வந்தவனின் கதையில் மட்டும்தான் இப்படி நடக்கும் என்பதைத் தெளிவாகவே சொல்லிவிடுங்கள்.

பயம் அடங்கியபிறகு ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. “நரி எடத்துல இப்போ யார் இருக்கா?” பிரியும்போது நரி அழுவேன் என்றது. அப்படியென்றால் உனக்கு என்ன லாபம் என்று இளவரசன் கேட்டான். கோதுமை வயலின் நிறம் என்றது நரி. அது ரொட்டி தின்னாது, கோதுமையால் அதற்கு ஒரு பயனும் இல்லை, ஆனால் இனிமேல் அந்தப் பொன்னிறத்தைப் பார்த்தால் அவன் முடி நினைவுக்கு வரும். இப்போது பிரிந்து வருந்துவது விமானி. அவருக்குக் கிடைத்தது நட்சத்திரங்கள். அவற்றில் ஒன்றிலிருந்து இளவரசன் சிரித்துக்கொண்டிருப்பான். பிள்ளை “விமானிதான் நரி” என்று சொல்லும் அந்த இரவில் 21ஆம் அத்தியாயமும் 27ஆம் அத்தியாயமும் ஒன்றாகிவிடும். மேற்கொண்டு நாம் விளக்கினால் கெட்டுவிடும்.

“இது நிஜமா நடந்ததா?”

இளவரசன் கற்பனை, பாலைவனம் நிஜம். எழுதிய அந்துவான் து செந்த்-எக்சுபெரி ஒரு விமானி. 1935 டிசம்பர் கடைசியில் அவருடைய விமானம் சகாராவில் விழுந்தது. கூட இருந்த மெக்கானிக்கோடு தண்ணீரில்லாமல் அலைந்தார், ஒட்டகத்தில் வந்த ஒருவர் காப்பாற்றினார். நாவல் 1943இல் நியூயார்க்கில் வெளியானது. 1944 ஜூலை 31 அன்று போரில் உளவு விமானத்தில் கிளம்பியவர் திரும்பவில்லை. இந்தக் கடைசிச் செய்தியைப் பிள்ளை கேட்டால் மட்டும், பகலில் சொல்லுங்கள்.

“நான் கேள்வி கேக்கறதுக்குள்ள தூங்கிடறான்.”

எழுப்ப வேண்டாம். மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போதோ, சைக்கிளிலோ பஸ்ஸிலோ போகும்போதோ அந்த இரண்டாவது கேள்வியை மட்டும் கேளுங்கள். தினமும் இப்படியே நடந்தால் படிக்கும் அளவு அதிகம் என்று அர்த்தம், ஓர் அத்தியாயமாகக் குறையுங்கள்.

“புரிஞ்சுதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?”

“கதையச் சொல்லு பாக்கலாம்” என்று கேட்டால் தெரியாது, அது நினைவாற்றலைத்தான் காட்டும். இரண்டு மூன்று நாள் கழித்து, வேறெதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, “ஒனக்கு இருக்கற கோதுமை வயல் எது?” என்று கேட்டுப் பாருங்கள். புரியாத பிள்ளை தனக்குப் பிடித்த பொருளைச் சொல்லும்: “என் ரிமோட் கார்.” புரிந்த பிள்ளை சொல்வதில் ஒரு பொருளும் அதன் பின்னால் ஒரு ஆளும் இருப்பார்கள். “மல்லிப்பூ வாசன வந்தா ஊருக்குப் போன பாட்டி” என்பது போல. முதல் வகைப் பதில் வந்தால் “யார் வாங்கிக் குடுத்தா? யாரோட வெளையாடுவ?” என்று ஒரே ஒரு படி கூட்டிப் போங்கள். ரிமோட் காருக்குப் பின்னாலும் பெரும்பாலும் ஒரு மாமா இருப்பார்.

கேட்காமலே வருவதும் உண்டு. 23ஆம் அத்தியாயத்தில் தாகம் தீர்க்கும் மாத்திரை விற்பவன் வருகிறான். வாரத்துக்கு 53 நிமிடம் மிச்சமாகும் என்கிறான். அந்த 53 நிமிடம் எனக்கு இருந்தால் ஓர் ஊற்றை நோக்கி மெதுவாக நடந்துபோவேன் என்று நினைக்கிறான் இளவரசன். அதைப் படித்து நிறுத்தியதும், நீங்கள் ஒன்றும் கேட்காமலே “அப்போதான் அந்தத் தண்ணி அவனோடதாகும்” என்று பிள்ளை முணுமுணுத்தால், அன்றைக்குக் கேள்வி எதுவும் கேட்காமல் விளக்கை அணைத்துவிடலாம்.